ஏஜெண்டுக்கு யார் காசு கொடுக்கிறார்?

வெளிநாட்டுக்கு டாக்டர் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு, உங்கள் பிள்ளை முதலாண்டில் சேர்ந்த உடனேயே காசு வந்துவிடும். அந்தப் பட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்பது உங்களுக்குத் தெரியவர ஆறு ஆண்டு ஆகும். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படித்தால் அதிலுள்ள பல வரிகளுக்கு அர்த்தம் தானாகப் புரியும்.

நான் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் படிவம் ஆறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். அவர்களுடைய அப்பா அம்மா இன்றைக்கும் ஏதாவது பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “டீச்சர், இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று கொண்டு வருவார்கள். அப்படி என் சாப்பாட்டு மேசைக்கு வந்த ஏஜெண்டு ஒப்பந்தங்களைப் படித்துப் படித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

கமிஷன் இரண்டு விதமாக வருகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல்கலைக்கழகமே ஏஜெண்டுக்குக் காசு கொடுக்கிறது. பொதுவாக முதலாண்டு கல்விக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்கு. பத்திலிருந்து இருபது விழுக்காடு வரை சாதாரணம், அதற்கு மேலும் கொடுப்பதுண்டு. மாணவரிடம் ஏஜெண்டு பெரும்பாலும் ஒரு காசும் வாங்க மாட்டார். “எங்க சேவை இலவசம்” என்று விளம்பரத்தில் போடுவது இதனால்தான், அது பொய்யும் இல்லை. நீங்கள் நேராக விண்ணப்பித்தாலும் கட்டணம் பெரும்பாலும் அதேதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25,000 பவுண்டு கட்டணம் உள்ள ஒரு பல்கலைக்கழகம் 15 விழுக்காடு தந்தால் ஏஜெண்டுக்கு 3,750 பவுண்டு. 16,000 பவுண்டு கட்டணத்தில் 10 விழுக்காடு தரும் இன்னொன்றில் 1,600 பவுண்டு. கமிஷனே தராத பல்கலைக்கழகத்தில் ஒன்றுமில்லை. இந்த மூன்றில் எது உங்கள் பிள்ளைக்குப் பொருத்தம் என்று கேட்கிற இடம், பதிலைப் பொறுத்து வருமானம் மாறுகிற இடம். மூன்றாவதன் பெயர் பெரும்பாலும் பேச்சிலேயே வராது. அதை விசாரித்துத் தெரிந்துகொள்வது நம் வேலை.

இரண்டாவது விதம்தான் நம் தோட்டத்துக் குடும்பங்களை அதிகம் பாதிக்கிறது. கிழக்கு ஐரோப்பா, ரஷ்யா போன்ற இடங்களில் மருத்துவப் படிப்பு என்றால் ஏஜெண்டு “பேக்கேஜ்” போட்டுத் தருவார். பெற்றோர் மொத்தத் தொகையை அவரிடம் கட்டுவார்கள். அதில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதை அவர் அனுப்புவார். பல்கலைக்கழகத்திடமும் கமிஷன், பெற்றோரிடமும் லாபம் என்று இரு பக்கமும் வாங்க இதில் இடமிருக்கிறது. எவ்வளவு என்பது ரசீதில் தெரியாது.

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கொண்டுவந்த பேக்கேஜைச் சொல்கிறேன். அப்பா செம்பனை ஆலையில் வேலை, அம்மா தோட்டத்தில் நாற்றுமேட்டு வேலை. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே டாக்டர் ஆசை. கோயில் கமிட்டியில் இருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் மூலமாகத்தான் ஏஜெண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். முதலாண்டுக்கு 48,000 ரிங்கிட், இரண்டாம் ஆண்டிலிருந்து கொஞ்சம் குறையும் என்று ஒரே வரியில் எழுதிய தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் போடவில்லை. கீழே, கையெழுத்துப் போட்ட ஏழு நாளுக்குள் 5,000 ரிங்கிட் முன்பணம், எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது.

“இதுல என்னென்ன அடங்குதுன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“எல்லாமே உள்ளுக்குள்ளன்னு சொன்னாரு டீச்சர். நாம ஒண்ணும் அலைய வேணாமாம்.”

மகளை உட்கார வைத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்தோம். வெளிநாட்டு மாணவருக்கு ஆங்கில வழி மருத்துவப் படிப்பு ஆண்டுக்கு 5,500 டாலர், விடுதி 1,000 டாலர் என்று போட்டிருந்தது. அன்றைய மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 4.40 ரிங்கிட். ஆக 28,600 ரிங்கிட். விமானச் சீட்டுக்கு 3,500, விசா, மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி எல்லாவற்றுக்கும் தாராளமாக 2,400 வைத்தோம். மொத்தம் 34,500 வந்தது. மீதி 13,500 ரிங்கிட்டுக்குப் பெயர் இல்லை. அந்த அம்மா அதை மாதச் சம்பளத்தில் வகுத்துப் பார்த்தார். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஏறக்குறைய எட்டு மாத உழைப்பு.

ஏஜெண்டு உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பாரங்களை மொழிபெயர்க்க வேண்டும், தூதரகத்தில் சான்றளிக்க வேண்டும், விமான நிலையத்தில் ஆள் நின்று பிள்ளையை அழைத்துப் போக வேண்டும். இதற்கெல்லாம் 4,000 என்று எழுதிக் கேட்டால் கொடுக்கலாம். என்ன வேலைக்கு எவ்வளவு என்று எழுத மறுப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது இதுதான்: கல்விக் கட்டணம், விடுதி, விசா, சீட்டு, உங்கள் சேவைக் கட்டணம் என்று தனித்தனியாக, கம்பெனி பெயர் அச்சிட்ட தாளில் எழுதித் தாருங்கள். கல்விக் கட்டணத்தை நாங்கள் நேராகப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறோம். பல்கலைக்கழகத்திடமிருந்து உங்களுக்குக் கமிஷன் உண்டா, உண்டென்றால் எவ்வளவு? நேர்மையான ஏஜெண்டு மூன்றாவது கேள்விக்கு ஒரு தொகை சொல்வார், அல்லது ஒப்பந்தப்படி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொள்வார். மூன்றுக்கும் கோபப்படுகிறவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்தக் கோயில் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாணவரைப் பிடித்துக் கொடுத்தால் அவருக்கும் ஒரு தொகை உண்டு. சில இடங்களில் அங்கே படித்துக்கொண்டிருக்கும் சீனியர் மாணவர்களுக்கே அப்படிக் கொடுக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது வெள்ளைக் கோட்டோடு எடுத்த படத்தைக் காட்டி, “ஒரு பிரச்னையும் இல்ல ஆண்டி, நான் இருக்கேன்ல” என்று தம்பி சொல்வான். அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனாலும் தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். தெரிந்தவர் சொன்னால் மேலே கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். “அண்ணே, எங்கள சேத்து விட்டா உங்களுக்கு ஏதாச்சும் கிடைக்குமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஆமாம் என்று சொன்னால் அவர் பேச்சை விளம்பரமாக எடுத்துக்கொண்டு விசாரிப்பை நீங்களே செய்யுங்கள்.

காசுக் கணக்கைவிடப் பெரிய ஆபத்து பட்டத்தின் அங்கீகாரம். வெளிநாட்டு மருத்துவப் பட்டத்தோடு இங்கே டாக்டராக வேண்டுமானால் அந்தப் பட்டம் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்க வேண்டும். மலேசிய மருத்துவ மன்றம் பட்டியலை வெளியிடுகிறது, mmc.gov.my இணையதளத்தில் பார்க்கலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர்கள் தனித் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அது சுலபமான தேர்வில்லை. அதுவரை ஹவுஸ்மன்ஷிப் கிடையாது.

2005-ஆம் ஆண்டு கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக மலேசிய அரசு அறிவித்தபோது நம் சமூகத்தில் எழுந்த கலக்கம் பலருக்கு நினைவிருக்கும். அங்கே படித்த மலேசியர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். இன்று பட்டியலில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. அதன் பிறகு 2014-இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனது, 2022-இல் உக்ரேனில் போர் வெடித்தது. பிள்ளை ஆறு ஆண்டு இருக்கப்போகும் நாட்டில் இதெல்லாம் நடக்கலாம். ஆனால் ஏஜெண்டின் கமிஷன் முதலாண்டிலேயே முடிந்துபோன விஷயம். அதனால் ஒப்பந்தத்தில் நான் தேடிப் பார்க்கும் வரி ஒன்று உண்டு: படிப்பு நடுவில் நின்றாலோ, அங்கீகாரம் போனாலோ, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றும் பொறுப்பு யாருடையது? பெரும்பாலான தாள்களில் அந்த வரியே இருக்காது.

பட்டியலைப் பார்க்கும்போது பெயர் சரியா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்த நாடுகளில் ஒரே நகரத்தில் தேசியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், அகாடமி என்று ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று இருக்கும். ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. பட்டத்தின் பெயர், பக்கத்தில் ஆண்டு அல்லது நிபந்தனை ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏஜெண்டு வாட்சாப்பில் அனுப்பும் பட்டியலை நம்ப வேண்டாம். அது எந்த ஆண்டினது என்றே தெரியாது. நீங்களே மன்றத்தின் தளத்தில் இறக்கி, தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் தவிர மற்றப் படிப்புக்கும் இதே கதைதான், அமைப்பு மட்டும் மாறும். பொறியியலுக்குப் பொறியியலாளர் வாரியம், சட்டத்துக்குச் சட்டத் தொழில் தகுதி வாரியம்.

அந்தப் பெஸ்தாரி ஜெயாப் பிள்ளை விஷயத்தில் பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். எஸ்.பி.எம்.மில் அவளுக்கு உயிரியல் ஏ-, வேதியியல் பி+, கணிதம் ஏ, இயற்பியல் சி+. ஏஜெண்டு அதைப் பார்த்துவிட்டு, “அங்க போய் ஃபவுண்டேஷன் ஒரு வருஷம் படிச்சா சரியாயிடும்” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பல்கலைக்கழகம் அவளைச் சேர்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே மருத்துவ மன்றம் மருத்துவப் படிப்பில் நுழைவதற்கே குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறது, எஸ்.பி.எம்.மில் அறிவியல் பாடங்களுக்கும் கணிதத்துக்கும் பி எதிர்பார்க்கப்படுகிறது. சேர்க்கும் பல்கலைக்கழகம் அதைப் பார்க்காது. பார்க்கச் சொல்ல ஏஜெண்டுக்கும் காரணமில்லை. பிள்ளை விமானம் ஏறினால்தான் அவருக்கு வருமானம். ஆறு ஆண்டும் ஃபவுண்டேஷன் ஓராண்டும் முடித்துத் திரும்பி வந்து பதிவுக்கு நிற்கும்போது அந்த சி+ எதிரே வந்து நிற்கும்.

நான் அந்த அப்பாவிடம் மருத்துவ மன்றத்துக்கே கடிதம் எழுதச் சொன்னேன். மகளே எழுதினாள். எஸ்.பி.எம். சான்றிதழ் நகலை இணைத்து, இந்தப் பல்கலைக்கழகம், இந்தப் பட்டம், இந்தத் தேர்ச்சி, இதோடு போனால் திரும்பி வந்து பதிவு கிடைக்குமா என்று நாலு வரி. பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டக் கூடாது என்று சொல்லி வைத்தேன். ஏஜெண்டு இரண்டு தடவை போன் செய்து, “இந்த இன்டேக் சீட் போயிடும்ணே” என்று அவசரப்படுத்தினார். இந்த அவசரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்த செப்டம்பரிலும் அந்தப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கும்.

கூடவே பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போனது. ஏஜெண்டு கொடுத்த முகவரிக்கு எழுதவில்லை. பல்கலைக்கழகத்தின் தளத்தில் அனைத்துலக மாணவர் பிரிவு என்று போட்டிருந்த முகவரிக்கு எழுதினோம். இந்தக் கம்பெனி உங்கள் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியா, எந்தத் தேதி வரை? மாணவர் நேராகக் கட்டணம் கட்டலாமா? விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? அந்தக் கம்பெனி தங்கள் பிரதிநிதியின் துணை ஏஜெண்டு என்றும், கட்டணத்தை நேராகவே கட்டலாம் என்றும், விசா மறுக்கப்பட்டால் கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்றும் பதில் வந்தது. பல்கலைக்கழகம் திருப்பித் தரும் காசை, ஏஜெண்டின் தாள் “எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது” என்று சொல்கிறது. அந்தக் காசு நடுவில் யாரிடம் நிற்கும் என்று அந்த அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்திரேலியா என்றால் இந்த விசாரிப்பு இன்னும் சுலபம். அந்நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்வி நிலையம் தன் ஏஜெண்டுகளின் பட்டியலைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் யாராக இருந்தாலும் அவர் அந்தக் கல்வி நிலையத்தின் நேரடி ஏஜெண்டு இல்லை. பிரிட்டனுக்கு இளநிலைப் பட்டம் என்றால் யூகாஸ் வழியாக மாணவரே விண்ணப்பிக்கலாம்.

இங்கே எஸ்.எஸ்.எம். பதிவு எண்ணை நீட்டி, “நாங்க ரிஜிஸ்டர் கம்பெனி” என்று சொல்வார்கள். அந்தப் பதிவு, கம்பெனி ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லும், இயக்குநர்கள் யார், எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லும். பிள்ளை அனுப்பும் தகுதியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனாலும் சிறு கட்டணம் கட்டி அந்த விவரத்தை எடுத்துப் பாருங்கள். பத்து ஆண்டாக மாணவர் அனுப்புகிறோம் என்பவரின் கம்பெனி போன ஆண்டு பதிவானதாக இருந்தால், பழைய கம்பெனி என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. “நாங்க அனுப்பின பிள்ளைங்க எல்லாம் இப்ப டாக்டருங்க” என்று சொன்னால் பெயர் கேளுங்கள். மருத்துவ மன்றத்தின் தளத்தில் பதிவு பெற்ற டாக்டர்களைப் பெயர் போட்டுத் தேடலாம். ஏழெட்டு ஆண்டுக்கு முன் போனவர்கள் இரண்டு மூன்று பேர் பெயரும் பதிவும் அங்கே இருந்தால் அந்த ஏஜெண்டு சொல்வதில் பொருள் உண்டு. இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறவர்களைக் காட்டுவது சான்று ஆகாது.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரிகளைப் பார்த்தால் நான் பேனாவை மூடிவிடச் சொல்வேன். மூலச் சான்றிதழ்களை ஏஜெண்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒன்று. சான்றளித்த நகல் கொடுக்கலாம். மூலத்தை அலமாரியில் பூட்டி வையுங்கள். தூதரகம் மூலத்தைக் கேட்டால் நீங்களே கூடப் போங்கள். மற்றது, பெற்றோர் பல்கலைக்கழகத்தோடு நேராகத் தொடர்பு கொள்ளக் கூடாது என்பது. உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தோடு நீங்கள் பேசக் கூடாது என்று ஒருவர் எழுதிக் கேட்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

காசு எங்கிருந்து வரும் என்பதையும் கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். பி.டி.பி.டி.என். கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். ஆனால் அது அப்பாவின் கடைசிக் காலத்துக் காசு. ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது. இவற்றுக்கு விண்ணப்பித்து என்ன கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் முன்பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஏஜெண்டு முதலாண்டுக் கணக்கை மட்டும் காட்டுவார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது அந்த ஆண்டு. டாலர் ஏறினால் நான்காம் ஆண்டு எப்படிக் கட்டுவது என்பதை வீட்டில் தாள் போட்டுப் பாருங்கள்.

மருத்துவ மன்றத்தின் பதில் வந்தது. அந்தத் தேர்ச்சியோடு போனால் குறைந்தபட்சத் தகுதி நிறைவாகாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பிள்ளை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது உள்ளூரில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிக்கிறாள். வீட்டிலிருந்து போன பணம் ஒரு தபால் தலைக்கான காசு மட்டும்தான்.

தஞ்சோங் காராங் பக்கத்தில் இன்னொரு குடும்பம் என்னிடம் வருவதற்கு முன்பே 5,000 கட்டிவிட்டது. சேர்க்கைக் கடிதம் வரவே இல்லை, ஏஜெண்டு போனை எடுக்கவில்லை. நல்லவேளையாகக் காசைக் கம்பெனி கணக்குக்கு அனுப்பி, கம்பெனி பெயரில் ரசீதும் வாங்கியிருந்தார்கள். அப்படி இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதால் அந்தச் செலவும் பயமும் இல்லை. ஒப்பந்தம், ரசீது, வங்கிச் சீட்டு, வாட்சாப் உரையாடலின் அச்சு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி நான் ஒரு கோப்பு போட்டுக் கொடுத்தேன். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அது குற்றம் என்பது தெரிந்ததும் ஏஜெண்டு விசாரணைக்கு முன்னாலேயே காசைத் திருப்பிவிட்டார். அதே ஏஜெண்டிடம் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காத பக்கத்து லயத்துக் குடும்பத்துக்கு நடுவர் மன்றத்தில் காட்ட ஒன்றும் இல்லை.